தகுதிகாண் கால மதிப்பாய்வு: ஜூன் 23 சந்திப்புக்கு அழைப்பு

பெறுநர்: மீனா, இளநிலை அலுவலர், கொள்முதல் பிரிவு
நகல்: ரேவதி, மனிதவளப் பிரிவு
தேதி: ஜூன் 12, வெள்ளி

வணக்கம் மீனா,

ஜனவரி 5-ஆம் தேதி நீங்கள் வேலையில் சேர்ந்தீர்கள். ஆறு மாதத் தகுதிகாண் காலம் ஜூலை 4-ஆம் தேதி முடிகிறது. அதற்கு முன் நடக்க வேண்டிய மதிப்பாய்வுச் சந்திப்புக்கு உங்களை அழைக்கவே இந்தக் கடிதம்.

நாள்: ஜூன் 23, செவ்வாய்க்கிழமை
நேரம்: காலை 11 மணி
இடம்: இரண்டாம் மாடி, சிறிய கூட்ட அறை
இருப்பவர்கள்: நீங்கள், நான், மனிதவளப் பிரிவிலிருந்து ரேவதி

பேச்சு முக்கால் மணி நேரத்தில் முடியலாம். ஆனாலும் 12.15 வரை அறையை எடுத்து வைத்திருக்கிறேன், அவசரப்பட வேண்டாம். அந்த நேரத்தில் உங்கள் மேஜைக்கு வரும் ஆர்டர்களைச் செந்தில் பார்த்துக்கொள்வார். அவரிடம் சொல்லியாயிற்று.

எதற்காக இந்தச் சந்திப்பு என்பதை ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன். இதன் முடிவில் மூன்றில் ஒன்று நடக்கும்: பணி நிரந்தரம் ஆகலாம், தகுதிகாண் காலம் அதிகபட்சம் மூன்று மாதம் நீட்டிக்கப்படலாம், அல்லது நிரந்தரம் செய்ய இயலாது என்ற முடிவு வரலாம். உங்கள் நியமனக் கடிதத்தில் உள்ளதும் இதுதான். இதுவரை எதுவும் முடிவாகவில்லை. சந்திப்பில் பேசியதையும் உங்கள் வேலைப் பதிவுகளையும் வைத்து நான் பரிந்துரை எழுதுவேன், பொது மேலாளர் ஒப்புதல் தருவார். ஜூன் 30-ஆம் தேதிக்குள் முடிவு எழுத்து மூலம் உங்கள் கைக்கு வரும். நீட்டிப்பு என்றால் எதில், எந்த அளவுக்கு, எந்தத் தேதிக்குள் முன்னேற வேண்டும் என்பது அந்தக் கடிதத்திலேயே இருக்கும்.

எதை வைத்து மதிப்பிடுவோம்? ஏப்ரல் மாதம் மூன்று மாத நிறைவில் பேசியபோது நாம் இருவரும் எழுதி வைத்த மூன்று இலக்குகள்தான்: கொட்டேஷன்களை நீங்களே தனியாக ஒப்பிட்டுப் பரிந்துரை தருவது, ஆர்டர், டெலிவரி சலான், பில் மூன்றையும் ஒத்துப் பார்த்து இரண்டு வேலை நாளில் கணக்குப் பிரிவுக்கு அனுப்புவது, நிலுவை ஆர்டர்களின் பதிவேட்டை அன்றாடம் சரியாக வைத்திருப்பது. அந்தத் தாளின் பிரதியை இணைத்திருக்கிறேன். புதிதாக எந்த அளவுகோலும் அன்றைக்கு முளைக்காது.

முதலில் பேசப்போவது நீங்கள். சுமார் கால் மணி நேரம் உங்கள் வேலையைப் பற்றி நீங்களே சொல்லுங்கள், நடுவில் குறுக்கிட மாட்டேன். அப்புறம் நான் கவனித்ததைச் சொல்வேன், இருவரும் பேசுவோம். கடைசிப் பத்து நிமிடம் நான் வெளியே போய்விடுவேன். என்னை வைத்துக்கொண்டு சொல்ல முடியாதது ஏதாவது இருந்தால் (மேலாளரைப் பற்றியும் இருக்கலாம், தப்பில்லை) ரேவதியிடம் சொல்லலாம்.

ரேவதி குறிப்பு எடுப்பார். இரண்டு வேலை நாளில் அது உங்களுக்கு வரும். படித்துப் பார்த்து, ஒத்துக்கொள்ளாத இடம் இருந்தால் கீழே உங்கள் கருத்தை எழுதிக் கையெழுத்திடுங்கள். கையெழுத்து என்பது படித்தேன் என்பதற்கு மட்டுமே. எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டேன் என்று ஆகாது.

இனி, நீங்கள் தயார் செய்ய வேண்டியவை. இணைப்பில் ஒரு பக்கச் சுயமதிப்பீட்டுப் படிவம் இருக்கிறது. அதை ஜூன் 19, வெள்ளிக்கிழமை மாலைக்குள் எனக்கும் ரேவதிக்கும் அனுப்புங்கள். பக்கத்தை நிரப்புவதற்காக எழுத வேண்டாம். “ஆர்வத்துடன் பணியாற்றினேன்”, “நிறைய கற்றுக்கொண்டேன்” போன்ற வரிகள் எல்லாருடைய படிவத்திலும் இருக்கும், அவற்றை வைத்து நான் எதையும் எழுத முடியாது. நடந்ததை எழுதுங்கள். ஏப்ரலில் அட்டைப்பெட்டிக்கு வந்த கொட்டேஷன்களில் மிகக் குறைந்த விலை காட்டியவர், வண்டி வாடகையைச் சேர்க்காமல் கொடுத்திருந்தார். நீங்கள் அதற்குத் தனிப் பத்தி போட்டுக் கூட்டிப் பார்த்ததில் அவர் மூன்றாம் இடத்துக்குப் போனார். அதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. இப்படிப்பட்டவை இரண்டு மூன்று இருந்தால் போதும், அவற்றின் தாள்களையும் கையோடு கொண்டு வாருங்கள்.

சரியாக வராதவற்றையும் அதே மாதிரி எழுதுங்கள். நான் பேசப்போகும் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், அன்றைக்குத் திடீரென்று கேட்டது போல இருக்கக் கூடாது. சப்ளையர் தேதியைத் தள்ளிப்போடும்போது அந்தத் தகவல் உற்பத்திப் பிரிவுக்குத் தாமதமாகப் போகிறது. மே மாதம் லேபிள் வராதது அவர்களுக்கு அன்று காலையில்தான் தெரிந்தது. சப்ளையரின் மின்னஞ்சல் உங்களுக்கு நான்கு நாள் முன்பே வந்திருந்தது. சப்ளையரைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சரிக்கட்டப் பார்த்தீர்களா, யாரிடம் சொல்வது என்று தெரியவில்லையா, வேலை நெருக்கடியில் விட்டுப்போயிற்றா? மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. அந்த மின்னஞ்சல்களை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். இது ஒன்றை மட்டும் வைத்து முடிவு எடுக்கப் போவதில்லை.

நிறுவனத்தின் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். சேர்ந்தபோது சொன்ன பயிற்சிகளில் எது நடந்தது, எது நடக்கவில்லை, மென்பொருளில் எந்த அனுமதி இல்லாமல் வேலை நிற்கிறது, யாரிடம் கேட்டால் பதில் வருவதில்லை என்பதை எல்லாம் குறித்து வாருங்கள். குறை சொன்னால் நம் பக்கம் கணக்கு குறையுமோ என்று புதிதாக வந்தவர்கள் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். தேவையான கருவி கொடுக்காமல் வேலையை மட்டும் அளப்பது நியாயம் இல்லை, அதனால் அது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

எங்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சம்பள உயர்வு மட்டும் இந்தச் சந்திப்பில் வராது, அது நிறுவனம் முழுவதற்கும் வேறு நேரத்தில் நடப்பது. நிரந்தரம் ஆனால் விடுப்பு, முன்னறிவிப்புக் காலம் ஆகியவற்றில் என்ன மாறும் என்பதை ரேவதியிடம் அன்றைக்கே கேட்கலாம்.

நாளோ நேரமோ ஒத்துவராவிட்டால் ஜூன் 16, செவ்வாய்க்கிழமைக்குள் சொல்லுங்கள். 24-ஆம் தேதி பிற்பகலும் எனக்குத் தோதுதான். வர முடியும் என்றால் இந்த மின்னஞ்சலுக்கு ஒரு வரி பதில் போதும். படிவத்தில் ஏதாவது புரியவில்லை என்றால் ரேவதியைக் கேளுங்கள், இலக்குகளைப் பற்றி என்றால் என் அறைக்கே வந்துவிடுங்கள்.

அன்புடன்,
சுந்தர்
மேலாளர், கொள்முதல் பிரிவு

இணைப்பு: சுயமதிப்பீட்டுப் படிவம், ஏப்ரல் மாத இலக்குத் தாள்