நடப்புக் கணக்கின் கையொப்பதாரரை மாற்றக் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்:
நா. கோகிலா, பங்குதாரர்,
ஸ்ரீ வேலவன் மஞ்சள் மண்டி,
பெருந்துறை சாலை, ஈரோடு.

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
பெருந்துறை சாலைக் கிளை, ஈரோடு.

நாள்: 10.03.2025

பொருள்: நடப்புக் கணக்கு எண் 60210044170386 – அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரர் மாற்றம் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் மண்டியின் மேற்படி கணக்கை இதுவரை என் தந்தை திரு. மு. நாச்சிமுத்து மட்டுமே கையொப்பமிட்டு இயக்கி வந்தார். கடந்த 16.02.2025 அன்று அவருக்குப் பக்கவாதம் ஏற்பட்டு வலது கை செயலிழந்துவிட்டது. நினைவும் பேச்சும் தெளிவாகவே உள்ளன. சென்ற வாரம் வற்புறுத்திப் பேனாவைப் பிடித்து ஒரு காசோலையில் கையொப்பமிட்டார். மாதிரிக் கையொப்பத்தோடு ஒத்துப்போகாததால் அது திரும்பியது. கிளை செய்தது சரியே. ஆனால் மஞ்சள் கொடுத்த விவசாயி அந்தக் காசோலையோடு கடை வாசலில் நின்றதை எங்களால் தாங்க முடியவில்லை. வரத்து மிகுந்த பருவம் இது. எடை போட்டவர்களுக்குப் பணம் நாள் தவறாமல் போய்ச் சேர வேண்டும்.

ஆகவே 08.03.2025 அன்று பங்குதாரர்கள் மூவரும் கூடி எடுத்த தீர்மானப்படி, தந்தையின் கையொப்ப அதிகாரத்தை நீக்கி, ரூ.2,00,000 வரை நான் தனியாகவும், அதற்கு மேற்பட்ட தொகைக்கு நானும் என் சித்தப்பா திரு. மு. சென்னியப்பனும் கூட்டாகவும் கணக்கை இயக்க அனுமதிக்க வேண்டுகிறோம். தந்தை பங்குதாரராகவே தொடர்கிறார். இணைய வங்கிச் சேவையில் அவருடைய பயனர் உரிமையை நிறுத்தி, பதிவான கைப்பேசி எண்ணையும் படிவத்தில் உள்ளவாறு மாற்றித் தர வேண்டுகிறோம்.

இரண்டு விஷயங்களைத் தனியாகக் கவனிக்கக் கோருகிறேன்.

தந்தை தீர்மானத்தில் இடது பெருவிரல் ரேகை வைத்துள்ளார். அதை உறுதிப்படுத்தத் தங்கள் அதிகாரி ஒருவரை எங்கள் வீட்டுக்கு அனுப்பி வைத்தால் பேருதவியாக இருக்கும். மற்றொரு சாட்சியாகத் தங்கள் கிளை வாடிக்கையாளரான பக்கத்துக் கடைக்காரர் வரச் சம்மதித்துள்ளார்.

அடுத்து, 000418 முதல் 000420 வரையிலான மூன்று காசோலைகள் 12.02.2025 அன்று, அதாவது உடல்நலம் கெடுவதற்கு முன்பே, தந்தை கையொப்பமிட்டு 20.03.2025 தேதியிட்டுக் கொடுத்தவை. மாற்றத்தைக் காரணமாக வைத்து அவற்றைத் திருப்பிவிடாமல் பணம் வழங்க வேண்டுகிறோம். மூன்றும் ரூ.50,000-க்கு மேற்பட்டவை என்பதால் பாசிட்டிவ் பே விவரத்தையும் இணைத்துள்ளோம்.

இணைப்புகள்:
1. மூன்று பங்குதாரர்களும் ஒப்பமிட்ட தீர்மானம் (அசல்)
2. கூட்டாண்மைப் பத்திரம், நிறுவனப் பதிவாளர் சான்று – நகல்கள்
3. நிறுவனத்தின் பான் அட்டை, ஜிஎஸ்டி பதிவுச் சான்று – நகல்கள்
4. புதிய கையொப்பதாரர் இருவரின் ஆதார், பான் நகல்கள், புகைப்படங்கள் தலா 2
5. நிரப்பிய மாற்றப் படிவம், மாதிரிக் கையொப்ப அட்டை
6. மருத்துவச் சான்று (அசல்)
7. மேற்படி 3 காசோலைகளின் தொகை, பெறுபவர் விவரம்
8. பயன்படுத்தாத காசோலைகள் 000422 முதல் 000450 வரை, 29 தாள்கள், ரத்து செய்வதற்காக

திரும்பி வந்த 000421 எங்களிடமே உள்ளது. சரிபார்க்க அசல் ஆவணங்களுடன் தாங்கள் சொல்லும் நேரத்தில் நேரில் வருகிறோம். இக்கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையிட்டுத் தரவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நா. கோகிலா
மு. சென்னியப்பன்
மு. நாச்சிமுத்து (இடது பெருவிரல் ரேகை)
பங்குதாரர்கள், ஸ்ரீ வேலவன் மஞ்சள் மண்டி