2026-27 நிதியாண்டுக்கான சமநிலை மதிப்பெண் அட்டை: அளவீடுகளின் தேர்வு குறித்து இயக்குநர் குழுவுக்கு வைக்கப்படும் குறிப்பு

நாள்: 16 பிப்ரவரி 2026
அனுப்புநர்: நிர்வாக அலுவலர்

140 படுக்கைகள் கொண்ட நமது திருச்சி மருத்துவமனையிலிருந்து மாதந்தோறும் குழுவின் பார்வைக்கு 46 எண்கள் கொண்ட அறிக்கை வருகிறது. அவற்றில் 31 பணம் சார்ந்தவை. கடந்த ஓராண்டுக் கூட்டக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்ததில், வருமானம், படுக்கை நிரம்பல், வரவேண்டிய நிலுவை, மருந்தக விற்பனை ஆகிய நான்கைத் தவிர மற்ற எதைப் பற்றியும் குழு ஒரு முடிவும் எடுத்ததாகத் தெரியவில்லை. இந்த நான்குமே நடந்து முடிந்ததைச் சொல்கின்றனவே ஒழிய, அடுத்த மாதம் என்ன ஆகும் என்பதைச் சொல்வதில்லை.

ராபர்ட் கேப்லனும் டேவிட் நார்ட்டனும் 1992-இல் சமநிலை மதிப்பெண் அட்டை என்ற முறையை முன்வைத்தது இதே குறையைக் கண்டுதான். நிதி, வாடிக்கையாளர், உள் செயல்முறை, கற்றலும் வளர்ச்சியும் என்ற நான்கு நோக்குகளையும் ஒன்றோடொன்று காரண காரியத் தொடர்பில் வைப்பதே அதன் சாரம். நான்கு தலைப்புகளின் கீழ் கிடைத்த எண்களை நிரப்புவது மதிப்பெண் அட்டை ஆகாது. எனவே ஒவ்வோர் அளவீட்டுக்கும் இரண்டு கேள்விகளை வைத்தோம். இது மாறினால் வேறு எது மாறும்? இதை மாற்றும் அதிகாரம் நம்மில் யாரிடம் இருக்கிறது? இரண்டுக்கும் விடை கிடைத்த 13 அளவீடுகளே இங்கு பரிந்துரைக்கப்படுகின்றன.

உள் செயல்முறை

வழக்கமாக நிதியில் தொடங்குவார்கள். நான் இதில் தொடங்குவதற்குக் காரணம், நமது சிக்கலின் முடிச்சு இங்கேதான் விழுந்திருக்கிறது. ஜனவரி மாதத்தில் மூன்றாம் மாடி வார்டில் ஒரு டிஸ்சார்ஜ் கோப்பைக் காலையிலிருந்து கூடவே இருந்து கவனித்தோம். காலை 10.10-க்கு ரவுண்ட்ஸ் வந்த மருத்துவர், வீட்டுக்குப் போகலாம் என்று எழுதினார். பயன்படுத்தாத மருந்துகளைத் தட்டில் வைத்துக்கொண்டு நர்ஸ் மருந்தகத்துக்கு இறங்கியது 11.25-க்கு, அதுவரை மற்ற நோயாளிகளுக்கு ஊசி போட வேண்டியிருந்தது. டிஸ்சார்ஜ் சுருக்கம் தட்டச்சாகி, மருத்துவர் ஓ.பி. முடித்து வந்து கையெழுத்திட்டபோது மணி 1.50. இறுதி பில் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது 2.40. ஒப்புதல் 4.55-க்கு வந்தது. நோயாளி படுக்கையை விட்டு எழுந்தது 5.30. அந்தப் படுக்கைக்காக ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவில் நண்பகல் முதல் காத்திருந்தார்.

இந்த ஏழு மணி இருபது நிமிடத்தில் காப்பீட்டு நிறுவனம் எடுத்துக்கொண்டது இரண்டே கால் மணி நேரம். இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதம் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கையின் விதி. அவர்கள் அதற்குள் தந்துவிட்டார்கள். காப்பீட்டுத் தரப்பில் கோப்பைக் கையாளும் இடைநிறுவனத்தைக் காட்டி ‘டி.பி.ஏ. தாமதம்’ என்று நாம் நோயாளிகளிடம் சொல்லிவரும் காரணம், குறைந்தபட்சம் அன்றைக்கு, உண்மையல்ல. ஆகவே முதல் அளவீடு, மருத்துவர் எழுதியதிலிருந்து இறுதி பில் தயாராகும் வரை ஆகும் நேரம் மட்டுமே. பத்தில் எட்டு நோயாளிகளுக்கு இது இரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்பது இலக்கு. சராசரியை எடுக்கவில்லை, கையில் பணம் கட்டிச் சீக்கிரம் கிளம்புகிறவர்கள் சராசரியை அழகாக்கிவிடுவார்கள்.

அடுத்தவை இரண்டு தொற்று அளவீடுகள்: அறுவைப் புண் தொற்று, மைய இரத்தநாளக் குழாய் வழித் தொற்று. பின்னதை 1,000 குழாய் நாட்களுக்கு இத்தனை என்று கணக்கிடுவதே முறை. முன்னதில் ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. நமது பதிவேட்டில் கடந்த ஆறு மாதமாகச் சுழியம் இருக்கிறது. அதை நான் நம்பவில்லை. புண் பெரும்பாலும் வீட்டுக்குப் போன பிறகே சீழ் பிடிக்கிறது, நாமோ தையல் பிரித்ததோடு கணக்கை முடித்துவிடுகிறோம். 30 நாட்களும், மூட்டு மாற்று போன்று உள்பொருள் வைத்தவர்களுக்கு 90 நாட்களும் தொலைபேசியில் தொடர்ந்து கேட்டால் எண் உயரும். முதல் ஆண்டில் அந்த உயர்வுக்காக யாரையும் கேள்வி கேட்கக் கூடாது என்று குழு தீர்மானமாகவே பதிவு செய்ய வேண்டும். மருந்து வழங்கலில் நேரும் பிழைகளின் பதிவுக்கும் இதுவே பொருந்தும். பதிவான பிழைகளின் எண்ணிக்கை இவ்வாண்டு கூடுவதைத்தான் முன்னேற்றமாகக் கொள்ள வேண்டும். ஐந்தாவதாக, அன்றைய முதல் அறுவை குறித்த நேரத்தில் தொடங்கிய நாட்களின் விழுக்காடு.

நோயாளர்

இங்கு மூன்று: ஓ.பி.யில் முன்பதிவு நேரத்தைத் தாண்டிக் காத்திருந்த நிமிடங்கள், ஏழு நாட்களுக்குள் பதில் தரப்பட்ட புகார்களின் விழுக்காடு, இந்த மருத்துவமனையை உறவினருக்குச் சொல்வீர்களா என்ற ஒரே கேள்விக்கான விடை. கடைசிக் கேள்வியை டிஸ்சார்ஜ் கவுண்டரில் கேட்கக் கூடாது. பில் கையில் இருக்கும்போது ஒன்று கோபமாகச் சொல்வார்கள், இல்லையென்றால் விட்டால் போதும் என்று ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார்கள். பத்து நாள் கழித்து, தொற்றுக் கண்காணிப்புக்காகச் செய்யும் அதே தொலைபேசி அழைப்பிலேயே கேட்டுவிடலாம்.

நிதி

இயக்க இலாப விகிதம், டிஸ்சார்ஜ் நாளிலிருந்து முழுமையான காப்பீட்டுக் கோப்பு அனுப்பப்படும் வரையிலான நாட்கள், அனுப்பிய பில்லில் காப்பீட்டாளர்கள் பிடித்தம் செய்யும் விழுக்காடு ஆகியவை போதும். நிலுவை நாட்களை நீக்கியதற்குக் காரணம், பணம் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. கோப்பு எப்போது போகிறது என்பது நம் கையில் இருக்கிறது. இப்போது அதற்குச் சராசரியாக 11 நாட்கள் ஆகின்றன, இலக்கு 4.

படுக்கை நிரம்பல் விழுக்காட்டை இலக்கிலிருந்து எடுத்துவிட்டுத் தகவலாக மட்டும் வைத்திருக்கிறோம். இதைக் குழு ஏற்கத் தயங்கும் என்று அறிவேன். நமது உள்நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்கினர் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருபவர்கள்; அவர்களுக்குச் சிகிச்சைக்கு இவ்வளவு என்று தொகுப்புக் கட்டணம். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் செலவு நமக்கு. அறை வாடகை செலுத்துகிறவர் ஒரு நாள் கூடுதலாக இருந்தால் வருமானம் நமக்கு. நிரம்பலை இலக்காக வைத்தால், எந்த நோயாளியைத் தாமதப்படுத்தலாம் என்று வார்டுக்கு நாமே கற்றுக்கொடுத்தவர்கள் ஆவோம். மருத்துவர்வாரி வருமானத்தையும் இதே காரணத்துக்காகச் சேர்க்கவில்லை. மொத்த இறப்பு விகிதமும் இல்லை. கவலைக்கிடமானவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினால் அந்த எண் தானாகக் குறைந்துவிடும்.

கற்றலும் வளர்ச்சியும்

கடந்த ஆண்டு 118 நர்ஸ்களில் 39 பேர் விலகினார்கள். வளைகுடா, அரசுப் பணி, திருமணம் என்று காரணங்கள் பல என்றாலும், அவர்களில் 22 பேர் சேர்ந்த ஓராண்டுக்குள் போனவர்கள். எனவே மொத்த விலகலை அளக்காமல், முதல் ஆண்டு விலகலை அளப்போம். அதோடு, ஐ.சி.யு. பணியில் இருப்போரில் திறன் சரிபார்ப்பை நிறைவுசெய்தவர்களின் விழுக்காடு. புதிதாக வந்தவர் கோப்பை எப்படி முடிப்பது என்று பழகும் முன்பே போய்விடுவதால்தான் 10.10-க்கு எழுதிய டிஸ்சார்ஜ் 2.40 வரை இழுக்கிறது. கோப்பு அரைகுறையாகப் போவதால்தான் பிடித்தமும் ஏறுகிறது.

ஒவ்வோர் எண்ணுக்கும் பொறுப்பாளரும் கணக்கிடும் முறையும் இணைப்பில் தரப்பட்டுள்ளன. எண்ணைத் திரட்டுபவரும் அதற்குப் பொறுப்பானவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பதால், தொற்று எண்களைத் தரப் பிரிவே நேரடியாகத் தரும். பதின்மூன்றையும் கூட்டி ஒரே மொத்த மதிப்பெண் தர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இலாபம் ஏறித் தொற்றும் ஏறினால் கூட்டுத்தொகை அதை மறைத்துவிடும். குழு ஒப்புதல் அளித்தால், 46 எண்கள் கொண்ட அறிக்கை மார்ச் மாதத்தோடு நிறுத்தப்பட்டு, ஏப்ரல் மாதத்துக்கான முதல் அட்டை மே மாதக் கூட்டத்தில் வைக்கப்படும்.