சென்னிமலை இலவச மருத்துவ முகாம்: தொடக்க உரை

பெரியோர்களே, தாய்மார்களே, ஈரோட்டிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பி வந்திருக்கும் மருத்துவர்களே, செவிலியர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சர்க்கரைப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு வந்தவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள். பசித்தவர்களை உட்கார வைத்து நீட்டி முழக்குவது பாவம். அமைப்பாளர்கள் எழுதித் தந்த குறிப்பில் உலக நாடுகளின் சர்க்கரை நோய்க் கணக்கெல்லாம் இருந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். நம் ஊர்க் கணக்கே நமக்குப் போதும்.

தறிக்குழியில் காலை இறக்கினால் பொழுது சாயும் வரை எழாத ஊர் இது. முதுகு வலித்தால் தைலம் தேடுகிறோம், முழங்கால் வலித்தால் மாத்திரை தேடுகிறோம். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காததால் அவை பல ஆண்டுகள் உள்ளேயே இருந்து சிறுநீரகத்தையும் விழித்திரையையும் கெடுத்துவிடுகின்றன. சர்க்கரை முற்றினால் பாதம் மரத்துப்போகும். நாள் முழுக்க மிதி மிதிக்கும் காலில் புண் வந்தாலும் தெரியாது. அதனால் இன்று பாதத்தையும் காட்டுங்கள், கூச்சப்பட வேண்டாம். மலைக்கோயில் படியில் முன்னைவிடச் சீக்கிரம் மூச்சு வாங்குகிறது என்றால், வயதாகிவிட்டது என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பெண்களுக்குத் தனி அறை, பெண் மருத்துவர். இரத்தசோகைக்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் அங்கே பரிசோதனை உண்டு. 'எனக்கென்ன, அவருக்குப் பாருங்கள்' என்று கணவரை மட்டும் வரிசையில் நிறுத்திவிட்டு வாசலில் நிற்கும் அக்காமார்களே, உங்களைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். முகாம் இன்று ஒரு நாள்தான். இங்கே கொடுக்கும் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். இரத்த அழுத்தம் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் என்று வந்தால், அங்கே மறுபடியும் அளந்து பார்த்து உறுதிசெய்வார்கள். மாத்திரையும் அங்கே இலவசம்தான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி உடனே முடிச்சுப் போடுகிற நாம், மாத்திரை தீர்ந்தால் மட்டும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையைக் கடன் வாங்கிப் போடுவதும் வேண்டாம்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொள்பவர்களுக்குச் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். வண்டிச் சாவியைக் கூட வந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பள்ளிக் கட்டடத்தை விட்டுக்கொடுத்த தலைமையாசிரியருக்கும், இட்லி அவித்துக்கொண்டிருக்கும் மகளிர் குழுவினருக்கும் நன்றி. இரத்தம் கொடுத்தவர்கள் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும், அதுவரை கலைந்து போய்விடாதீர்கள்.

முகாமைத் தொடங்கி வைக்கிறேன். வெறும் வயிற்றோடு வந்தவர்கள் முதலில் எழுந்து, இடதுபுறம் இருக்கும் முதல் அறைக்குப் போங்கள்.