திங்கள் முதல் உங்கள் வீட்டுக்கே வந்து துணி எடுக்கிறோம்

மதுரைக்காரர்களுக்கு வணக்கம். வருகிற திங்கட்கிழமை முதல் வீட்டுக்கே வந்து துணி எடுத்து, துவைத்துத் தேய்த்து, திரும்பக் கொண்டுவந்து தருகிறோம். கே.கே. நகர், அண்ணா நகர், தல்லாகுளம், நரிமேடு, கோரிப்பாளையம் ஆகிய ஐந்து ஏரியாவுக்கு மட்டும். வைகைக்குத் தெற்கே இருப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இன்னொரு வண்டி வாங்கியதும் அங்கேயும் வருவோம்.

🕖 வரும் நேரம்
காலை 7 - 9, மாலை 6 - 8.30. ஞாயிறு காலை 8 - 12 மட்டும். செவ்வாய் விடுமுறை. முந்தின நாள் இரவு 9 மணிக்குள் சொல்லிவிடுங்கள். பில் 300 ரூபாய்க்கு மேல் என்றால் வண்டிக்கூலி இல்லை, அதற்குக் கீழே 40 ரூபாய்.

ஒரு வேளைக்கு ஆறு வீடுதான் எடுத்துக்கொள்கிறோம். பையை வாங்கி எண்ணிக்கையை மட்டும் எழுதிக்கொண்டு கிளம்பினால் பதினைந்து வீடுகூடப் போகலாம். ஆனால் எங்கள் பையன் உங்கள் முன்னாலேயே ஒவ்வொரு துணியையும் விரித்துப் பார்ப்பான். காலர் தேய்ந்திருக்கிறதா, பட்டன் ஆடுகிறதா, பட்டு மடிப்பில் இற்றிருக்கிறதா, ஜரிகை கறுத்திருக்கிறதா, எல்லாவற்றையும் பில்லில் எழுதி, போட்டோவும் எடுத்துக்கொள்வான். அதற்குப் பத்து நிமிடமாவது ஆகும். தயவுசெய்து அந்தப் பத்து நிமிடம் கூடவே இருங்கள்.

கறை இருந்தால் எதனால் பட்டது என்று சொல்லிவிடுங்கள், சங்கடமே வேண்டாம். சாம்பார் சிந்திய இடத்தில் சோப்பு பட்டால் அதிலுள்ள மஞ்சள் சிவந்துபோகும். அது தெரியாமல் வீட்டில் தேய்த்துக் கசக்கிய பிறகு வரும் புடவைகள்தான் எங்களுக்குப் பெரும்பாடு. கறையோடு அயர்ன் மட்டும் போட்டுவிடாதீர்கள், சூட்டில் அப்படியே பிடித்துக்கொள்ளும்.

📅 எத்தனை நாள்?
வெறும் அயர்ன்: மறுநாள்.
துவைத்து மடித்துத் தர: 2 நாள். கஞ்சி போட்ட வேட்டி, காட்டன் புடவை: 3 நாள்.
டிரை கிளீனிங் (கோட், சுடிதார், ஷெர்வானி): 4 நாள்.
பட்டுப் புடவை, ரோல் பிரஸ் சேர்த்து: 5 நாள்.
போர்வை, ஸ்கிரீன்: 4 நாள்.

அவசரம் என்றால் சட்டை, பேன்ட் 24 மணி நேரத்தில் கிடைக்கும், கட்டணம் ஒன்றரை மடங்கு. பட்டுக்கு அவசர சர்வீஸ் கிடையாது. முகூர்த்தத்துக்கு வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் துவைக்கும் துணிக்கு ஒரு நாள் கூடுதலாகும். ஈரம் முழுக்க வற்றாமல் மடித்தால் வாடை அடிக்கும், அப்படி ஒரு துணியை உங்கள் கையில் கொடுக்க எங்களுக்கு மனசு வராது. சொன்ன தேதிக்கு மேல் எங்களால் தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் பில்லில் பத்து சதவீதம் குறைத்துக்கொள்வோம்.

🧵 துணிக்கு ஏதாவது ஆகிவிட்டால்?
போன ஆவணியில் எங்கள் கடையில் ஒரு வெள்ளைப் பட்டு வேட்டியில் பக்கத்துச் சுங்குடிப் புடவையின் சாயம் ஏறிவிட்டது. தப்பு எங்களுடையது. வேட்டியின் விலையை அன்றைக்கே கொடுத்தோம். ஆனால் அது கல்யாணத்துக்குக் கட்டிய வேட்டி, பணத்தால் ஈடுகட்ட முடியாது என்று எங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து எந்தச் சாயத்துணி வந்தாலும், உள்மடிப்பில் ஈர வெள்ளைத் துணியை அழுத்திப் பார்க்காமல் தண்ணீரில் போடுவதில்லை. சுங்குடி எப்போதும் தனி வாளிதான்.

எங்களால் கிழிந்தாலோ, கருகினாலோ, சாயம் ஏறினாலோ, தொலைந்தாலோ பொறுப்பு எங்களுடையது. நீங்கள் துணி வாங்கி ஒரு வருடத்துக்குள் என்றால் துணிக்கடை பில் விலையில் 80 சதவீதம், மூன்று வருடத்துக்குள் 50 சதவீதம், அதற்கு மேல் 30 சதவீதம். துணிக்கடை பில் இல்லையென்றால் எங்கள் சலவைக் கூலியைப் போல பத்து மடங்கு. காணாமல் போன துணியை ஏழு நாள் தேடுவோம், கிடைக்காவிட்டால் எட்டாம் நாள் பணம். பட்டன் உடைந்தால் அதே மாதிரி தேடி இலவசமாகத் தைத்துத் தருவோம். அழுக்குச் சரியாகப் போகவில்லை என்றால் இன்னொரு முறை இலவசம்.

உங்களிடம் வாங்கும்போதே எங்கள் பில்லில் எழுதிய குறைக்கும், இற்றுப்போன பழம்பட்டு கிழிவதற்கும் மட்டும் எங்களால் பொறுப்பேற்க முடியாது. அப்படி ஒரு புடவை வந்தால் எடுக்கும்போதே சொல்லிவிடுவோம், கொடுப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யலாம். பையில் நகை, பணம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொடுங்கள். எங்கள் கையில் கிடைத்தால் அன்றே போன் வரும்.

துணி கைக்கு வந்ததும் பிரித்துப் பாருங்கள். குறை இருந்தால் 48 மணி நேரத்துக்குள், உடுத்தாமல், டேக்கைக் கழற்றாமல் சொல்லுங்கள்.

📩 பதிவு செய்ய இந்தப் பக்கத்துக்கே மெசேஜ் அனுப்புங்கள்: ஏரியா, தெரு, காலையா மாலையா, பட்டு இருக்கிறதா இல்லையா. அவ்வளவு போதும். திங்கள் காலை வேளையில் இன்னும் இரண்டு இடம்தான் இருக்கிறது.

#மதுரை #சலவை #டிரைகிளீனிங் #பட்டுப்புடவை #சுங்குடி