போட்டோல வந்த நாப்சாக் கணக்கு: டேபிள் ஃபில் பண்ணி, கடைசி செல்லுல இருந்து திரும்பி வர்றது

தம்பி, நீ அனுப்புன போட்டோ பாத்தேன். பேப்பர் மடிச்ச எடத்துல நெழல் விழுந்திருக்கு, ஆனாலும் படிக்க முடியுது. கெபாசிட்டி 7, ஐட்டம் நாலு. கடைசி ஐட்டத்தோட ப்ராஃபிட் மட்டும் 10-ஆ 16-ஆன்னு சரியா தெரியல, 10-னு வச்சுதான் போட்டிருக்கேன், 16-ஆ இருந்தா என்ன மாறும்னு கீழ சொல்றேன்.

```
ஐட்டம்     : 1   2   3   4
வெயிட்     : 1   3   4   5
ப்ராஃபிட்  : 1   5   7   10
```

பை தாங்குற வெயிட்டுக்குள்ள எந்தெந்த ஐட்டத்த போட்டா ப்ராஃபிட் அதிகமா வரும்னு கேக்குறதுதான் நாப்சாக் கணக்கு, இது 0/1 நாப்சாக். அதாவது ஒரு ஐட்டத்த முழுசா எடு இல்ல விட்டுடு, பாதி வெட்டி எடுக்க முடியாது, ஒரே ஐட்டத்த ரெண்டு தடவ எடுக்கவும் முடியாது. இந்த ரெண்டாவது விஷயத்துலதான் உன் டேபிள் தடம் மாறுது, அத அந்த ரோ வரும்போது பாப்போம்.

டேபிள்ல ஒரு செல் `K[i][w]`-ன்னா என்ன அர்த்தம்னு மொதல்ல மனசுல நல்லா பதிய வை: மொத i ஐட்டம் மட்டும் என் கையில இருக்கு, பை w வெயிட் வரைக்கும்தான் தாங்கும், அப்போ அதிகபட்சமா எவ்ளோ ப்ராஃபிட் கெடைக்கும், அவ்ளோதான். ஒவ்வொரு செல்லுக்கும் கேக்க வேண்டியது ஒரே கேள்வி, i-ஆவது ஐட்டத்த விடுறதா எடுக்குறதா. விட்டா மேல் ரோல நேர் மேல இருக்குற நம்பர் அப்படியே கீழ எறங்கும். எடுத்தா அதோட ப்ராஃபிட்டும், மேல் ரோல அதோட வெயிட் அளவுக்கு எடப்பக்கம் தள்ளி இருக்குற நம்பரும் சேரும். ரெண்டுல எது பெருசோ அத எழுது. ஐட்டம் w-க்குள்ள அடங்கவே இல்லன்னா யோசிக்கவே வேணாம், மேல இருக்குறத காப்பி பண்ணிடு. கீழ wt[i]-ன்னா i-ஆவது ஐட்டத்தோட வெயிட், v[i]-ன்னா அதோட ப்ராஃபிட்.

```
K[i][w] = K[i-1][w]                                  (w < wt[i])
K[i][w] = max(K[i-1][w], v[i] + K[i-1][w - wt[i]])   (w >= wt[i])
```

ரோ 0 முழுக்க சைபர், ஐட்டமே இல்லாம ப்ராஃபிட் எங்கேர்ந்து வரும். ரோ 1-ல ஐட்டம் 1-ஓட வெயிட் 1, அதனால w=1-ல இருந்து கடைசி வரைக்கும் 1. இந்த ரெண்டு ரோவும் நீ சரியா போட்டிருக்க.

ரோ 2-க்கு வா. ஐட்டம் 2, வெயிட் 3, ப்ராஃபிட் 5. w=3-ல விட்டா 1, எடுத்தா 5 + K[1][0] = 5, அதனால 5. w=4-ல எடுத்தா 5 + K[1][1] = 6. w=5, 6, 7 எல்லாத்துலயும் அதே 6-தான், ஏன்னா மேல இருக்குற ஒரே ஒரு ஐட்டம் மூலமா 1-க்கு மேல கெடைக்காது. ஆனா நீ பென்சில்ல w=6-க்கு 10, w=7-க்கு 11-னு எழுதியிருக்க. எப்படி வந்துச்சுன்னு பாத்தேன், மேல் ரோல பாக்காம அதே ரோல எடப்பக்கம் பாத்து 5 + K[2][3] = 10, 5 + K[2][4] = 11-னு கூட்டியிருக்க. K[2][3]-ல ஏற்கனவே ஐட்டம் 2 உக்காந்திருக்கு, அதுமேல திரும்பவும் 5-ஐ கூட்டுனா ஐட்டம் 2-ஐ ரெண்டு தடவ எடுத்ததா ஆயிடும். எத்தன தடவ வேணா எடுக்கலாம்னு சொல்ற அன்பவுண்டட் நாப்சாக்குக்கு அது கரெக்ட்தான், இந்த கேள்விக்கு இல்ல. எப்பவும் மேல் ரோ, எப்பவும் i-1. ஒரே ஒரு அர்ரே வச்சு ப்ரோக்ராம் எழுதுறவங்க w-ஐ கடைசில இருந்து முன்னாடி ஓட்டுறதும் இதே காரணத்துக்குத்தான், பழைய மதிப்பு அழியுறதுக்கு முன்னாடி அத படிச்சுடணும்.

ரோ 3, வெயிட் 4, ப்ராஃபிட் 7. w=3 வரைக்கும் மேல இருக்குற 0 1 1 5 காப்பி. w=4-ல விட்டா 6, எடுத்தா 7, அதனால 7. w=5-ல 7 + K[2][1] = 8, w=6-ல 7 + K[2][2] = 8. w=7-ல விட்டா 6, எடுத்தா 7 + K[2][3] = 7 + 5 = 12. இந்த 12-ஐ வட்டம் போட்டு வச்சுக்கோ, இதுதான் பின்னாடி வேலைக்கு வரப்போகுது.

ரோ 4, வெயிட் 5, ப்ராஃபிட் 10. w=4 வரைக்கும் காப்பி. w=5-ல 8-ஆ 10-ஆ, 10. w=6-ல 10 + K[3][1] = 11. w=7-ல விட்டா 12, எடுத்தா 10 + K[3][2] = 11, அதனால 12 அப்படியே எறங்குது.

```
 w      0   1   2   3   4   5   6   7
i=0     0   0   0   0   0   0   0   0
i=1     0   1   1   1   1   1   1   1
i=2     0   1   1   5   6   6   6   6
i=3     0   1   1   5   7   8   8  12
i=4     0   1   1   5   7  10  11  12
```

ஆக அதிகபட்ச ப்ராஃபிட் 12. ஆனா அந்த 12 எந்தெந்த ஐட்டத்தால வந்துச்சுன்னு அந்த செல்ல மட்டும் பாத்து சொல்ல முடியாது, அதுக்குத்தான் ட்ரேஸ் பேக். கடைசி செல் K[4][7]-ல ஆரம்பி. நேர் மேல பாரு, அங்கயும் 12. ரெண்டும் ஒண்ணுன்னா ஐட்டம் 4 இல்லாமயே இந்த ப்ராஃபிட் வந்திருக்குன்னு அர்த்தம், அதனால ஐட்டம் 4 வேணாம், w அப்படியே 7, ஒரு ரோ மேல போ. K[3][7] = 12, நேர் மேல 6. நம்பர் மாறிடுச்சு, அப்போ ஐட்டம் 3 எடுத்திருக்கோம். எடுத்த ஒடனே அதோட வெயிட்ட கழிக்கணும், 7 - 4 = 3, அதனால நேர் மேல போகாம ரோ 2-ல w=3-க்கு போகணும். இந்த எடத்துல நெறைய பேர் வெயிட்ட கழிக்க மறந்து w=7-லயே நேரா மேல ஏறிடுறாங்க, அப்படி போனா K[2][7] = 6, அதுக்கு மேல 1, அதனால ஐட்டம் 2-வும் எடுத்து, அப்புறம் K[1][7] = 1, மேல 0-னு ஐட்டம் 1-ஐயும் சேத்து மொத்த வெயிட் 8-ல போய் நிக்கும், பை 7-தான் தாங்கும். சரி, K[2][3] = 5, நேர் மேல 1, மாறியிருக்கு, ஐட்டம் 2 எடுத்தாச்சு, 3 - 3 = 0. இப்போ K[1][0] = 0, மேலயும் 0, ஐட்டம் 1 இல்ல. முடிஞ்சுது.

எடுத்தது ஐட்டம் 2, ஐட்டம் 3. வெயிட் 3 + 4 = 7, ப்ராஃபிட் 5 + 7 = 12. டேபிள் சொன்னதோட ஒத்துப்போகுது. இந்த கூட்டல எக்ஸாம்லயும் கண்டிப்பா எழுது, டேபிள்லயோ ட்ரேஸ் பேக்லயோ எங்கயாவது சறுக்கியிருந்தா பெரும்பாலும் இங்கயே தெரிஞ்சுடும்.

நீ ஓரத்துல எழுதியிருக்க, ப்ராஃபிட்ட வெயிட்டால வகுத்து பெருசா இருக்குறத மொதல்ல எடுத்தா போதாதான்னு. நல்ல கேள்வி, அதையும் போட்டே பாத்துடலாம். ஐட்டம் 4-க்கு 10/5 = 2, அதுதான் எல்லாத்துலயும் பெருசு. அத எடுத்தா மிச்சம் 2, அதுல ஐட்டம் 1 மட்டும்தான் அடங்கும், மொத்தம் 11. ஒண்ணு கம்மி. பாதி வெட்டி எடுக்கலாம்னு சொன்னா அந்த முறை எப்பவும் சரியா வரும், முழுசாத்தான் எடுக்கணும்னா அத நம்ப முடியாது.

இந்த கேள்வில நாலு ஐட்டம்தான், 16 விதம்தான் இருக்கு, கையாலயே எல்லாத்தையும் பாத்துடலாம்னு தோணும். 40 ஐட்டம்னா அது 2^40, ஒரு லட்சம் கோடிய தாண்டிடும், ஆனா கெபாசிட்டி 1000-னா டேபிள்ல மொத்தம் சுமார் 41,000 செல்தான். அதேசமயம் கெபாசிட்டி நம்பர் ரொம்ப பெருசாச்சுன்னா டேபிளும் கூடவே வீங்கும், n ஐட்டம், W கெபாசிட்டின்னா டேபிள் போட ஆகுற வேலை O(nW), W-ஓட மதிப்ப பொறுத்து அது வீங்குறதாலதான் இத சூடோ பாலினாமியல்னு சொல்றாங்க.

கடைசியா அந்த 16 விஷயம். ஐட்டம் 4-ஓட ப்ராஃபிட் 16-ஆ இருந்தா மேல இருக்குற ரோ எதுவும் மாறாது, ரோ 4-ல w=5, 6, 7 மட்டும் 16, 17, 17 ஆகும். ட்ரேஸ் பேக்ல 17-க்கு மேல 12, அதனால ஐட்டம் 4 எடுத்து w=2-க்கு போவ, ஐட்டம் 3, 2 ரெண்டும் இல்ல, K[1][2] = 1-க்கு மேல 0, அதனால ஐட்டம் 1 உண்டு. வெயிட் 6, பைல 1 காலியா இருக்கும், அது தப்பில்ல. ஒரிஜினல் பேப்பர்ல அந்த நம்பர மட்டும் ஒரு தடவ பாத்துட்டு எந்த ரோ 4 வேணுமோ அத எழுதிக்கோ.