ரெபரன்ஸ் கடிதம் தொடர்பாக

களுவாஞ்சிகுடி
2025 ஓகஸ்ட் 11

அன்புள்ள மிஸ்,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நிரோஜினி. 2021 முதல் 2023 வரை உங்களிடம் தாதியியல் அடிப்படையும் விடுதிப் பயிற்சியும் படித்தவள். கழுத்தில் எப்போதும் சிவப்பு மூடிப் பேனை தொங்கும் என்று நீங்கள் சொல்வீர்களே, அந்தப் பிள்ளைதான். இறுதிப் பெறுபேறு வந்துவிட்டது மிஸ், சித்தியடைந்துவிட்டேன். பட்டமளிப்புக்கு வந்தாறுமூலைக்குப் போகும்போது உங்களையும் பார்க்க ஆசை. ஆனால் இந்த விஷயம் அதுவரை காத்திருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் இரண்டு அரச மருத்துவமனைகளுக்கு விண்ணப்பிக்கிறேன். ஓ.ஈ.ரி. ஆங்கிலப் பரீட்சையில் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் பி தரமும், எழுத்தில் சி பிளஸும் கிடைத்தன. எழுத்துக்கு அங்குள்ள தாதியர் சபை அதையே போதுமென்று ஏற்கிறது. கணக்கும் தாதியியலுமாக இரண்டு பகுதிகள் உள்ள கணினிப் பரீட்சையை அடுத்த மாதம் கொழும்பில் எழுதுகிறேன். மீதி இருப்பது ரெபரன்ஸ். கடந்த மூன்று ஆண்டுகளில் என்னைத் தெரிந்தவர்களின் பெயர்களைக் கொடுக்க வேண்டும். கடைசி ஆண்டுக்கு விடுதிப் பொறுப்புச் சகோதரி ஒருவர் சம்மதித்திருக்கிறார். அதற்கு முந்தைய காலத்துக்கு உங்களைக் கேட்கலாமா, மிஸ்? உங்கள் பெயரை இன்னும் எங்கும் கொடுக்கவில்லை. நீங்கள் சரி என்ற பிறகுதான் கொடுப்பேன்.

உங்களைக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டாம் ஆண்டில், மருத்துவ விடுதியில் காலைக் குளிசை கொடுத்துக்கொண்டிருந்தேன். இரவில் நோயாளர்களைக் கட்டில் மாற்றியிருந்தார்கள். நான் கட்டில் இலக்கத்தை மட்டும் பார்த்துப் பக்கத்துக் கட்டில் அம்மாவின் இரத்த அழுத்தக் குளிசையை வேறொரு அம்மாவின் கையில் வைத்துவிட்டேன். அவர் வாயில் போடுமுன் நீங்கள் கையைப் பிடித்தீர்கள். எல்லோர் முன்னிலையிலும் ஏசவில்லை. "அம்மா, உங்கட பேர் என்ன?" என்று அவரிடம் கேட்டீர்கள், அவ்வளவுதான். பிறகு அறைக்குக் கூட்டிப்போய், நடந்ததை என் கையாலேயே எழுதிப் பொறுப்புச் சகோதரியிடம் கொடுக்கச் சொன்னீர்கள். எழுதும்போது அழுதேன். அன்றிலிருந்து பெயரைக் கேட்டு, பி.எச்.ரி.யில் ஒத்துப் பார்க்காமல் ஒரு குளிசைகூடக் கொடுத்ததில்லை.

அதை நீங்கள் எழுத விரும்பினால் தாராளமாக எழுதுங்கள், மிஸ். தவறு செய்ததையும், ஒளிக்காமல் சொன்னதையும், அதற்குப் பிறகு எப்படி வேலை செய்தேன் என்பதையும் கண்ணால் பார்த்தவர் நீங்கள். "நல்ல மாணவி, நல்ல நடத்தை" என்று யாரும் எழுதலாம். அதை வாசிப்பவருக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. மழைக்கால டெங்கு நாட்களில் ஒவ்வொரு மணிக்கும் சிறுநீர் அளவு, கொடுத்த திரவம், பீ.சி.வி. எல்லாவற்றையும் நான் குறித்த அட்டைகளை நீங்கள் சரிபார்த்தது நினைவிருந்தால் அதையும் ஒரு வரி எழுதுங்கள். என் ஆங்கிலக் குறிப்பு மெதுவாகத்தான் வரும் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதையும் மறைக்க வேண்டாம்.

உங்கள் சம்மதம் கிடைத்ததும், மருத்துவமனையிலிருந்து நேராக உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு படிவம் வரும். எவ்வளவு காலம், எந்த வகையில் என்னைத் தெரியும், வரவு எப்படி, ஒழுக்க நடவடிக்கை ஏதும் இருந்ததா போன்ற கேள்விகள் இருக்கும். ஜிமெயில் முகவரியை ஏற்கமாட்டார்கள், உத்தியோகபூர்வ முகவரிதான் வேண்டும். நீங்கள் இப்போது வேறு இடத்தில் கற்பிப்பதால், என்னை மேற்பார்வை செய்த ஆண்டுகளையும் அப்போதைய பதவியையும் குறிப்பிட்டால் குழப்பம் வராது. செப்டம்பர் 5க்குள் அனுப்பினால் போதும். என் பெறுபேற்று அட்டையையும் பயிற்சிப் பதிவேட்டின் பிரதியையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஒருநாள் வகுப்பில், "நீங்களும் போனால் இங்க கட்டிலில் கிடக்கிறவங்களை யார் பார்க்கிறது?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் வலிக்கிறது. அப்பாவின் தோணிக் கடனும் தம்பியின் படிப்பும் என் கையில் இருக்கின்றன, மிஸ். அதனால் போகிறேன். திரும்பி வருவேன் என்று பெரிய வாக்குக் கொடுக்க எனக்குத் தைரியமில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவு வேலையைப் படித்துக்கொண்டு வர வேண்டும் என்ற ஆசை மட்டும் உண்மை.

நேரமில்லை என்றாலோ, மனதுக்கு ஒத்துவரவில்லை என்றாலோ சொல்லிவிடுங்கள். நான் தப்பாக நினைக்கமாட்டேன். மாலை ஆறு மணிக்குப் பிறகு உங்களுக்கு வசதியான ஒரு நாளில் நானே அழைத்துப் பேசுகிறேன். எந்த நாள் என்று ஒரு செய்தி போட்டால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் மாணவி
த. நிரோஜினி