ஃபேர் வேல்யூ ஹையரார்க்கி பயிற்சித் தாள்: இண்ட் ஏஎஸ் 113, கணக்கு முடியும் நாள் 31 மார்ச் 2025

கோயம்புத்தூர்ல இருக்கிற ஒரு பம்ப் கம்பெனியோட பேலன்ஸ் ஷீட்னு வச்சுக்கோங்க. அதே பொருளோட ஆக்டிவ் மார்க்கெட் விலையை அப்படியே எடுத்தா லெவல் 1, வெளியில பார்க்கக் கிடைக்கிற மத்த இன்புட்னா லெவல் 2, முக்கியமான இன்புட் நாமளே ஊகிச்சதுன்னா லெவல் 3. ஒவ்வொரு ஐட்டத்துக்கும் லெவல் என்னன்னு மட்டும் எழுதினா பாதி மார்க்குதான், எந்த இன்புட் வெளியில பார்க்கக் கிடைக்குது, எது நாமளே ஊகிச்சதுன்னு ரெண்டு வரியாவது காரணம் எழுதணும்.

கேள்வி 1. என்எஸ்இ-ல லிஸ்ட் ஆன ஷேர் 2,00,000, குளோசிங் விலை ரூ.412.50. தினமும் 40,000 ஷேர்தான் கைமாறுது, மொத்தமா வித்தா விலை இறங்கும்னு 5% குறைக்கலாமான்னு ஃபைனான்ஸ் மேனேஜர் கேக்குறார்.

விடை: லெவல் 1, ரூ.8.25 கோடி. அதே ஷேரோட விலை ஆக்டிவ் மார்க்கெட்லயே இருக்கு, அதை அப்படியே எடுக்கணும். நம்மகிட்ட நிறைய இருக்குங்கிறது நம்ம நிலைமை, ஷேரோட குணம் இல்ல, அதனால குறைக்கக் கூடாது.

கேள்வி 2. 5 வருஷ வட்டி ஸ்வாப், மைபார் ஓஐஎஸ் கர்வ் வச்சு கணக்குப் போட்டது.

விடை: லெவல் 2. ஸ்வாப்புக்கு நேரடி விலை இல்ல, ஆனா அந்த கர்வ் 5 வருஷம் முழுக்க மார்க்கெட்ல கோட் ஆகுது.

கேள்வி 3. லிஸ்ட் ஆகாத ஒரு ஃபவுண்டரியில 10% பங்கு. எபிட்டா 12 கோடி, லிஸ்ட் ஆன இதே தொழில் கம்பெனிகளோட மல்ட்டிபிள் 9, கடன் 18 கோடி, சட்டுனு விக்க முடியாதுன்னு 25% தள்ளுபடி.

விடை: லெவல் 3. இங்கதான் நிறைய பேர் மல்ட்டிபிள் மார்க்கெட்ல இருந்து வந்ததைப் பார்த்துட்டு லெவல் 2-ன்னு எழுதிடறாங்க. 12 பெருக்கல் 9, 108 கோடி, கடன் போக 90, நம்ம பங்கு 9 கோடி, தள்ளுபடி போனா 6.75 கோடி. அந்த 25% எந்த ஸ்க்ரீன்லயும் கிடைக்காது, வேல்யூவர் போட்டது, அது மட்டுமே 2.25 கோடியை நகர்த்துது, அப்போ அது முக்கியமான இன்புட்டுதானே. முக்கியமான இன்புட்ல எது கீழ் லெவலோ மொத்தமும் அந்த லெவல்தான். 25%க்கு பதிலா 1%ன்னா அப்போ முக்கியமான்னு திரும்ப யோசிக்கணும், இது கண்ணை மூடிட்டு போடற விதி இல்ல.

கேள்வி 4. வாடகைக்கு விட்ட இடம். பக்கத்து மனைகள் போன 6 மாசத்துல வித்த விலை இருக்கு, ஆனா ரோட்டு முகப்பு இல்லாததுக்கு 30% குறைச்சிருக்காங்க.

விடை: லெவல் 3. வித்த விலை அப்சர்வபிள்தான், 30% வேல்யூவரோட கணிப்பு. அந்த இடமும் பக்கத்து மனையும் ஒரே மாதிரி இருந்து, சதுர அடி ரேட்டை பெருசா மாத்தாம எடுத்திருந்தா லெவல் 2. கைடுலைன் வேல்யூவை ஆதாரமா காட்டாதீங்க, அது பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிச்சது, வாங்கினவங்க கொடுத்த விலை இல்ல.

கேள்வி 5. மூணாவது கேள்வியில இருக்கிற ஃபவுண்டரி அடுத்த வருஷம் லிஸ்ட் ஆகி ஷேர் தினமும் டிரேட் ஆகுதுன்னா?

விடை: லெவல் 1-க்கு மாறும், தள்ளுபடியும் போயிடும். எந்தத் தேதியில மாறினதா எடுத்துக்கறோம்ங்கிற பாலிசியை நோட்ல எழுதணும், லெவல் 3-ல இருந்து வெளிய போனதை ரீகன்சிலியேஷன்லயும் தனியா காட்டணும்.